அப்பா பெயரையாவது போடுங்கள்

புதன்கிழமை எங்கள் அலுவலகத்தின் சமூக வலைதளப் பக்கத்தில் வந்த அந்த இரங்கல் பதிவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம். இரண்டு நாள் பொதுவில் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

இறந்தது தம்பியின் அப்பா. கூடப் பிறந்த தம்பி இல்லை, கூட வேலை பார்ப்பவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான், அதனால் இங்கேயும் தம்பி என்றே எழுதுகிறேன். பதிவில் பெரிதாக இருந்தது தம்பியின் படம். அடையாள அட்டைக்கு எடுத்த அதே படம்தான். பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே முதல் பத்தி முழுக்க நிறுவனத்தைப் பற்றி: எத்தனை ஆண்டுகளாக ஒரே குடும்பமாக இருக்கிறோம், ஒருவர் துயரில் எல்லோரும் எப்படிப் பங்கெடுக்கிறோம் என்று. இரண்டாவது பத்தி ‘நமது அன்பிற்குரிய’ என்று தம்பியின் பெயரோடு தொடங்குகிறது. அந்த இடத்தில் ‘மேலும் காண்க’ வந்து விடுகிறது. ‘தந்தை’ என்ற சொல் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

செல்போனில் தள்ளிக்கொண்டே போகிறவர் என்ன பார்ப்பார்? தம்பியின் படம், விளக்கு, கண்ணீர் அஞ்சலி, தம்பியின் பெயர். பார்த்தவர்கள் தம்பி போய்விட்டான் என்று நினைத்தார்கள். அவன் மனைவியின் ஊரிலிருந்து அழுதுகொண்டே போன் வந்திருக்கிறது. அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருக்கும் வீட்டில், ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன், போனது அப்பாதான்’ என்று ஒரு பிள்ளை எத்தனை பேருக்குச் சொல்வான்?

இன்னொன்று. பதிவை மூன்று முறை படித்துவிட்டேன், அதில் அப்பாவின் பெயரே இல்லை. இறந்தவர் பெயர் இல்லாத இரங்கல் அது. நம் வழக்கத்தில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தே அப்பாவின் பெயர்தானே? ஆறு வருடமாக வருகைப் பதிவேட்டிலும் சம்பளச் சீட்டிலும் அந்த எழுத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அது எந்தப் பெயரின் முதல் எழுத்து என்று அன்றைக்கு ஒரு நாளாவது யாராவது கேட்டிருக்கலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேலை செய்யும் இடத்தின் பக்கத்தில் போடும் இரங்கல் சின்னதாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். யார் போனார், அவர் நம்மில் யாருக்கு என்ன உறவு, என்றைக்குப் போனார், நாங்கள் உடன் இருக்கிறோம். இந்த நான்கும் போதும். ஐந்தாவதாக எதைச் சேர்த்தாலும் அது பதிவு போடுகிறவரைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

‘நல்ல எண்ணத்தில்தானே போட்டார்கள்’ என்பார்கள். தெரியும். பதிவு எழுதிய பெண் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அவள் மேல் எனக்குக் கோபமில்லை. காலையில் பண்டிகைத் தள்ளுபடிக்கு எழுதச் சொல்லி, மதியம் இதை எழுதச் சொன்னால் இரண்டும் ஒரே மாதிரிதான் வரும். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவர்கள் செய்த ஒரே திருத்தம், மேலதிகாரி கைகூப்பி நிற்கும் படத்தைக் கீழே சேர்த்ததுதான். சுவரொட்டிகளில் அப்படிப் போடுவது வழக்கம்தானே என்று ஒருவர் சொன்னார். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இறந்தவரின் முகத்தை மேலே பெரிதாகப் போட்டு, தோற்றம், மறைவு என்று இரண்டு தேதியும் போட்ட பிறகுதான் தங்கள் படத்துக்குப் போகிறார்கள்.

நான் சின்ன வயதில் வளர்ந்தது தூத்துக்குடிப் பக்கம். அங்கே எல்லோர் வீட்டிலும் இலங்கை வானொலிதான். பாட்டுக்கு நடுவில் மரண அறிவித்தல் வரும். பெயர், ஊர், அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும் இன்னாரின் பாசமிகு தந்தையுமாவார், இறுதிக் கிரியை எங்கே எப்போது. ‘இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்’ என்று முடிப்பார்கள். அவ்வளவுதான். யாரென்றே தெரியாத ஒருவருக்காக என் அப்பா அந்த ஒரு நிமிடம் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார். எங்களையும் பேச விட மாட்டார். ஒரு பெயரையும் ஊரையும் உறவையும் ஒழுங்காகச் சொன்னதற்கே அவ்வளவு கனம் இருந்தது.

2009-இல் அந்த அப்பா இறந்தார். நான் அப்போது ஒரு மில்லில் வேலை பார்த்தேன். அலுவலகப் பக்கம், குழு எதுவும் கிடையாது. கேட்டுக்கு உள்ளே ஒரு கரும்பலகை இருக்கும். ஸ்டோரில் இருந்த அண்ணன் ஒருவர்தான் அதில் எழுதுவார். அவர் என்னைக் கூப்பிடவில்லை, என் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். கேட்டது இரண்டே கேள்வி: ‘அப்பா பேரை எப்படி எழுதுவீங்க? அவர் சாமி கும்பிடுவாரா?’ என் அப்பா கும்பிட மாட்டார். கருப்புச் சட்டைக்காரர், கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நின்று எங்களை உள்ளே அனுப்புவார். அண்ணன் ‘இயற்கை எய்தினார்’ என்று எழுதினார். இறுதி ஊர்வலம் மாலை 4 மணி, வேன் 2.30-க்குக் கேட்டில் நிற்கும் என்று அடுத்த வரி. வேலைக்குத் திரும்பிய அன்றும் யாரும் அதை அழிக்காமல் வைத்திருந்தார்கள். அந்தப் பலகைக்கு முன்னால்தான் நான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.

அந்த ஒரு கேள்வியின் அருமை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கோபம். தம்பியின் அப்பாவும் என் அப்பாவைப் போன்றவர்தான். பதிவில் ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘அன்னாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறோம்’ என்றெல்லாம் இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு மனிதன் பிடித்து நின்றதை அவன் போன மறுநாளே ஒரு வரியில் தட்டிவிட்டோம்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமா? சிவலோகப் பதவி அடைந்தார் என்போம், வைகுண்டப் பதவி என்போம். கிறிஸ்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பார்கள், முஸ்லிம்கள் வஃபாத்தானார் என்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குச் சொந்தம். எது அந்த வீட்டுச் சொல் என்று தெரிந்தால் அதைப் போடலாம். தெரியாவிட்டால் ‘காலமானார்’ இருக்கிறது, எந்த வீட்டு வாசலிலும் அது தலைகுனிந்து நிற்கும். ‘இயற்கை எய்தினார்’ பொதுச்சொல் என்று நினைத்து விபத்தில் போனவர்களுக்கும் போட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டில் அதைப் படிக்கவே முடியாது. எப்படிப் போனார் என்பதையும் எழுத வேண்டாம். நோயின் பெயரை ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அந்த வீட்டின் முடிவு.

‘சும்மா குறை சொல்கிறாயே, நீயே எழுதிக் காட்டு’ என்று ஒருவர் குழுவில் கேட்டார். சரி, எழுதுகிறேன்.

‘திரு. ……… அவர்கள் மார்ச் 4 அன்று காலமானார். எங்கள் கணக்குப் பிரிவில் பணியாற்றும் திரு. ……… அவர்களின் தந்தையார் அவர். குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். இந்தத் துயரில் உடன் இருக்கிறோம்.
– உடன் பணியாற்றுவோர்’

இவ்வளவுதான். இறந்தவர் முதலில் வருகிறார். ‘இன்னாரின் தந்தை’ என்று தொடங்குவதுதான் நமக்குக் கைக்கு வரும், அதனால்தான் பிள்ளையின் பெயர் முன்னால் வந்து குழப்பம் ஆகிறது. ‘அன்னார்’ என்ற சொல்லையும் விட்டுவிட்டேன், இரண்டு பெயர் வருகிற இடத்தில் அது யாரைக் குறிக்கிறது என்று தடுமாறும். ‘நேற்று’ என்று போடாமல் தேதி போட்டதற்குக் காரணம், பதிவு நான்கு நாள் கழித்தும் யாரோ ஒருவர் கண்ணில் படும். படம் வேண்டுமென்றால் வீட்டார் கொடுத்த அப்பாவின் படம். கொடுக்கவில்லையா, வெறும் எழுத்து போதும்.

இறுதிச் சடங்கின் நேரம், வீட்டு முகவரி, போன் எண் எதையும் நான் பக்கத்தில் போடவில்லை. அது வானொலியில் வீட்டார் கொடுத்த அறிவித்தலில் இருக்க வேண்டியது. பக்கத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள், எல்லோரும் சுடுகாட்டுக்குப் போயிருக்கும் வீட்டின் முகவரி அவர்களுக்கு எதற்கு? நேரமும் வழியும் வண்டி ஏற்பாடும் நம் வாட்ஸ்அப் குழுவில் போகட்டும், உடனே போகட்டும். முஸ்லிம் வீடு என்றால் பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் முடிந்துவிடும், சாயங்காலம் ஆறு மணிக்கு வடிவமைப்பு முடிந்து தகவல் வந்தால் யார் போய்ச் சேருவது?

பதிவு போட்டால் கீழே வரும் கருத்துகளை யாராவது பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். புதன்கிழமை அந்த இரங்கலுக்குக் கீழே ஒருவர் தன் பில் தொகை தப்பாக வந்திருப்பதாக எழுதியிருந்தார். நம் பக்கத்திலிருந்து அவருக்கு அங்கேயே பதிலும் போனது. தம்பி அதையும் பார்த்திருக்கிறான்.

‘இவ்வளவு சின்னதாகப் போட்டால் மரியாதைக் குறைவு இல்லையா’ என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். அவர் மேல் மதிப்பு உண்டு, ஆனாலும் இதை ஏற்க மாட்டேன். துக்க வீட்டுக்குப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறோம். ஒலிபெருக்கி வைத்துப் பேசுவதில்லை.

‘இதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே, ஏன் பொதுவில்’ என்கிறவர்களுக்கு: புதன்கிழமை மதியமே சொன்னேன். படத்தையாவது மாற்றுங்கள் என்றேன். வடிவமைத்தவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள்.

ஒரே குடும்பம் என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாளே தம்பிக்குப் போன் போய்விட்டது, எப்போது வருகிறாய் என்று. பதினாறாம் நாள்தான் படத்திறப்பு வைத்திருக்கிறார்கள். அதுவரை அம்மாவைத் தனியே விட முடியாது என்றிருக்கிறான். மூன்று நாள்தான் கணக்கு, மிச்சம் சம்பளத்தில் பிடிப்போம் என்று பதில். குடும்பத்தில் அப்படியா சொல்வார்கள்? அவன் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், ஒரு வாடகைக் கார், ஒரு வேன், மிச்ச நாட்களுக்கு விடுப்பு, இதில் ஏதாவது ஒன்றைக் கொடுத்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்கவே மாட்டேன்.

நேற்று இரவு அவனே கூப்பிட்டான். விடுப்பைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்தேன். பேசவில்லை. ‘அக்கா, என் படம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அப்பா பேரையாவது போடச் சொல்லுங்க’ என்றான்.

இதை எழுதும்போது வெள்ளிக்கிழமை இரவு 9.40. இன்னும் போடவில்லை.