கோல்மேக்கில் காப்பி-பேஸ்ட் இடம் மாறாது

வழக்கமான QWERTY விசைப்பலகைக்கு மாற்றாக எழுத்துகளை வேறு இடங்களில் வைக்கும் அமைப்புகள் டிவோராக், கோல்மேக். இவற்றைப் பற்றிப் பலர் சொல்வது: “டிவோராக், கோல்மேக் எதுக்கு மாறினாலும் காப்பி, பேஸ்ட் எல்லாம் இடம் மாறிடும்.”

டிவோராக்குக்கு இது சரி, கோல்மேக்குக்குத் தவறு. 2006-இல் வந்த கோல்மேக், Z, X, C, V நான்கையும் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறது. ஆனால் S ஒரு விசை வலப்பக்கம் நகர்ந்து D இருந்த இடத்துக்குப் போகிறது. அதனால் Ctrl+S-க்கு விரலைப் பழக்க வேண்டும்.

டிவோராக்கில் C பழைய I இடத்துக்கும், V முற்றுப்புள்ளி இடத்துக்கும் போய்விடுகின்றன. தரமணி அலுவலகத்தில் என் நண்பர் விண்டோஸில் மாறிய முதல் நாளே வேர்டில் பழைய இடங்களை அழுத்தினார். காப்பி ஆகவில்லை, பத்தி இருபுறமும் சீரானது: அங்கே இப்போது Ctrl+J. பேஸ்டுக்குப் பதில் இணைப்புப் பெட்டி திறந்தது: அது Ctrl+K. இப்படி நடந்தால் கோளாறு இல்லை, குறுக்குவழி எழுத்தோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. மேக்கில் இதற்கென்றே “Dvorak – QWERTY ⌘” என்ற அமைப்பு உண்டு. ⌘ எனும் கமாண்ட் விசையை அழுத்தியிருக்கும்வரை பழைய QWERTY அமைப்பு திரும்பிவிடும்.

எதைக் கற்றாலும் பழைய வேகம் திரும்பச் சில வாரங்களாவது, பலருக்கு மாதங்களும் ஆகும். அவசர வேலை நடுவே மாறாதீர்கள்.