ஐந்து பேரின் உழைப்பு 155 சதவீதம்

மேலாண்மைப் படிப்பில் எங்கள் ஐவர் குழு ஒரு நூலகக் கவுன்டரின் காத்திருப்பு நேரத்தை ஆராய்ந்தது. குழுத் தலைவி நான். அறிக்கையோடு ஒவ்வொருவரின் பங்களிப்புக்கும் சதவீதம் எழுதித் தரவேண்டும். ஒரு நண்பருக்கு நான் பூஜ்யம் போட்டேன். வரைவை எல்லோருக்கும் அனுப்பியபோது அந்தப் பக்கத்தை எடுக்க மறந்துவிட்டேன். அன்றிரவே அவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினார்.

மறுநாள் கூடினோம். முதல் அரை மணி நேரம் சண்டைதான். "கூட்டத்தில் நீ வாயே திறக்கவில்லை" என்றேன். "நீ திறக்க விட்டால்தானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நிலைமையை மாற்றியது இன்னொரு தோழியின் யோசனை. அவரவர் பங்கை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் போடச் சொன்னாள். பிரித்தபோது 40, 35, 30, 25, 25. கூட்டினால் 155! அந்த 40 என்னுடையது.

யாரும் பொய் சொல்லவில்லை. 1979-இல் ராஸ், சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கைக் கேட்டார்கள். பெரும்பாலான தம்பதியரின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டியது. நாம் செய்த வேலை நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது. அடுத்தவர் செய்தது வருவதில்லை. இதைப் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

அதன்பின் சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டு, செய்த வேலைகளையும் அவற்றுக்கான மணிக்கணக்கையும் பலகையில் எழுதினோம். அந்த நண்பர் ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். யார் எத்தனை மணிக்கு வரிசையில் நின்றார், எப்போது கவுன்டரை அடைந்தார் என்று பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து. கவுன்டர் அருகே நின்றே எழுதியதால் கோடுகள் கோணலாக இருந்தன. இரண்டு முறை பதிவானவற்றை அடித்துத் திருத்தியிருந்தார். நான் அழகுபடுத்திய வரைபடங்கள் எல்லாம் அந்த நோட்டிலிருந்து வந்தவை. மொத்தம் 90 மணி நேரத்தில் அவருடையது 21, என்னுடையது 24.

யார் எதைச் செய்வது என்பதை நாங்கள் ஆரம்பத்தில் எழுதியே வைக்கவில்லை. வேலைப் பங்கீட்டில் இருந்த அந்த ஓட்டையை அவருடைய குணமாக நான் படித்துவிட்டேன். மணிக்கணக்கு எல்லாவற்றையும் அளக்காது என்பதும் உண்மைதான். ஒரு நல்ல யோசனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் அன்று எங்களுக்கு அதைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்கவில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான்: தரவுப் பகுதியை அவரே வகுப்பில் விளக்க வேண்டும். விளக்கினார். சராசரிக் காத்திருப்பை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று பேராசிரியர் கேட்டபோது, நான் சொல்லத் திணறியிருக்கக்கூடிய பதிலை நோட்டைப் பிரித்துக் காட்டிச் சொன்னார்.

வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அவர் திரும்பச் சேரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.