லோன் என்பது கழித்துவிடுவது அல்ல

கால்பந்தில் ஒரு கிளப் தன் வீரரைச் சில காலம் வேறு கிளப்புக்கு ஆட அனுப்புவதுதான் லோன். அதைப் பற்றி அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "லோன்ல அனுப்பிட்டாலே அந்தப் பையன் கிளப்புக்கு வேண்டாம்னு அர்த்தம். யாரு முதல்ல கேட்டாலும் கொடுத்துடுவாங்க."

கானர் கேலகர் விஷயத்தைப் பாருங்கள், இது பொருந்தவே பொருந்தாது. 2019-20இல் அவருடைய கிளப்பான செல்சீ அவரை சார்ல்டன் கிளப்புக்கு லோனில் அனுப்பியது. அங்கே தொடர்ந்து ஆடினார், கோலும் அடித்தார். ஆனாலும் ஜனவரியில் திரும்ப அழைத்து, சார்ல்டன் ஆடிய அதே இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பில் இருந்த ஸ்வான்சிக்கு மாற்றினார்கள். அங்கே பயிற்சியாளர் ஸ்டீவ் கூப்பர். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்றபோது கேலகர் இருந்த இங்கிலாந்து அணியை நடத்தியவர். அந்த அணியின் மார்க் கேஹியையும் செல்சீ அதே மாதம் அங்கேதான் அனுப்பியது. கேலகருக்கு ஆட்ட நேரம் சார்ல்டனிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. செல்சீ தேடியது பையனை அறிந்த பயிற்சியாளரை என்றே நான் நினைக்கிறேன்.

"விற்கத்தான் அனுப்புறாங்க" என்று சிலர் சொல்வது பாதி சரி. கேஹியை 2021இல் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். அதே பேலஸில் லோனில் ஆடிய கேலகரோ, செல்சீக்கே திரும்பி முதல் அணியில் இடம்பிடித்தார்.