தலைவரை மட்டும் பார்த்தால் போதுமா?

இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு ஒருவர் சொன்ன யோசனை: "பேனல்ல நடுவுல இருக்குற தலைவரைப் பார்த்தே பேசுங்க, மார்க் அவர்தான் போடுவாரு. முகம் சுளிக்கிறவர கண்டுக்காதீங்க."

இது தப்பு மக்களே, பல இடங்களில் ஆளாளுக்குத் தனித்தாளில் மார்க் போட்டுத்தான் கூட்டுகிறார்கள். கேட்டவரைப் பார்த்துத் தொடங்குங்கள், நடுவில் மற்றவர்களையும் பாருங்கள், கடைசி வரியைக் கேட்டவரிடமே முடியுங்கள்.

என் தங்கை மகள் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்கு லேப் டெக்னீசியன் வேலைக்குப் போனாள். 'ரத்த சாம்பிள்ல சிவப்பணு உடைஞ்சு ஹீமோலைஸ் ஆகியிருந்தா என்ன செய்வீங்க?' என்று கேட்டதற்கு அவள் காரணங்களையே அடுக்க, ஓரத்தில் இருந்த மூத்த டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அவள் அவர் பக்கம் திரும்பி, "சார், செய்வதைச் சொல்லாம விட்டுட்டேன். பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும், அதனால ரிசல்ட் கொடுக்காம வார்டுக்குச் சொல்லி மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வேன்" என்று இரண்டே வரியில் முடித்தாள். அவர் உடனே அடுத்த கேள்வி கேட்டார், அவர் பதிலை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

முகம் சுளிக்கிறவர்களைப் பற்றி தக்கலை அண்ணன் ஒருவர் 'சிலர் சும்மாவே அப்படித்தான் இருப்பாங்க' என்றது பாதி சரி. குனிந்து எழுதுகிறவரை விட்டுவிடலாம், ஆனால் உங்கள் பதிலுக்கு நடுவில் முகம் மாறினால் ஒரே ஒரு தடவை திருத்துங்கள், அதற்கு மேல் அவரையே சுற்ற வேண்டாம். சின்ன கடைகளில் முதலாளி ஒருவரே முடிவெடுப்பதும் உண்டுதான், அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை.