எதிர்வாதத்தை மறைத்தால் வாசகர் போய்விடுவார்
"எதிர்த்தரப்பு வாதத்தை நாமே எழுதினால் நம் வாதம் நீர்த்துப்போகும்" என்கிறார், கருத்துக் கட்டுரை எழுதுவது பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். நீட் எதிர்ப்புக் கட்டுரைகளில் நான் பார்ப்பது நேர்மாறு. 'நீட் வந்ததால்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடம் போனது' என்று தொடங்கினால், பிளஸ் டூ மதிப்பெண் காலத்திலும் அவர்கள் மிகக் குறைவாகத்தான் சேர்ந்தார்கள், 2020-ல் தமிழகத்தில் அவர்களுக்கென 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகுதான் எண்ணிக்கை கூடியது என்று தெரிந்த வாசகர் அந்த வரியோடு எழுந்து போய்விடுவார். அதை நாமே இரண்டாம் பத்தியில், நீட் ஆதரவாளர் படித்தாலும் 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதிவிட வேண்டும். ஒரு நண்பர் சொல்வதுபோல 'சிலர் மறுக்கலாம்' என்று ஒரு வரி போட்டால் போதாது, அது வெறும் சடங்கு. உண்மையாகவே ஒப்புக்கொண்டால் நம் நிலைப்பாட்டையே திருத்த வேண்டிவரும், அதுதான் லாபம்: 'பள்ளிப் பாடத்தை நன்றாகப் படித்தவரைவிட, ஓராண்டு கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்தவருக்கே இந்தத் தேர்வு சாதகம், அதனால் வேண்டாம்' என்று முதல் வரியிலேயே தயங்காமல் வைக்கலாம். உள் ஒதுக்கீட்டு எண்ணிக்கையைக் காட்டி இதைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் மற்ற இடங்களுக்குப் போட்டியிடும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கட்டணம் அப்படியேதான் நிற்கிறது.