மொத்தமாக ஐந்து லட்சம் கட்டிய பிறகு: காலத்தைக் குறைப்பதா, தவணையைக் குறைப்பதா?

போன வாரம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, சீட்டுப் பணம் அஞ்சு லட்சம் வந்திருக்கு. வீட்டுக் கடன்ல போட்டுடலாம்னு இருக்கோம். பேங்க்ல, வருஷத்தைக் குறைக்கணுமா, இஎம்ஐயைக் குறைக்கணுமான்னு கேக்குறாங்க. எதைச் சொல்றது?"

இந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது: "யோசிக்கவே வேண்டாம், வருஷத்தைக் குறை. வட்டி மிச்சம்." நானும் பல வருடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2019-இல் என் கடனில் ஒரு தொகை கட்டியபோது காலத்தைத்தான் குறைத்தேன். அடுத்த வருடமே ஊரடங்கு வந்தது, சம்பளம் பாதியானது. தவணை மட்டும் அப்படியே நின்றது. கையில் இருந்த பணத்தையெல்லாம் வங்கியில் கொண்டு போய்க் கட்டியிருந்தும், அந்த மாதங்களில் அதனால் எனக்கு ஒரு ரூபாய்கூடச் சுமை குறையவில்லை. ஆறு மாதம் தவணையைத் தள்ளி வைக்கும் சலுகையை எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு மாத வட்டியும் கடனோடு சேர்ந்துகொண்டது.

அதனால் தங்கைக்குப் பதில் சொல்லும் முன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். எளிதாக இருப்பதற்காக, வட்டி விகிதம் இடையில் மாறவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

கடன் 30 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம். மாதத் தவணை 26,035 ரூபாய். ஐந்து வருடம் கட்டியாகிவிட்டது. இதுவரை கட்டியது 15.62 லட்சம், ஆனால் அசலில் கழிந்தது 3.56 லட்சம்தான். மீதி அசல் 26.44 லட்சம். ஐந்து லட்சத்தைக் கட்டினால் 21.44 லட்சமாகிறது. இன்னும் 180 தவணை பாக்கி.

காலத்தைக் குறைத்தால், தவணை அதே 26,035. ஆனால் 180 மாதம் 124 மாதமாகச் சுருங்கும். அதாவது 4 வருடம் 8 மாதம் முன்னதாகவே கடன் முடியும். வட்டியில் மிச்சம் சுமார் 9.57 லட்சம்.

தவணையைக் குறைத்தால், 180 மாதம் அப்படியே இருக்கும். தவணை 21,111 ஆகும். மாதம் 4,924 ரூபாய் கையில் நிற்கும். வட்டியில் மிச்சம் சுமார் 3.86 லட்சம்.

இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 5.71 லட்சம் வித்தியாசம். இதைப் பார்த்ததும் யாருக்கும் முதல் வழிதான் சரி என்று தோன்றும். ஆனால் அந்த 5.71 லட்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். வங்கி வட்டி போடுவது மீதி அசலின் மீது மட்டும்தான். நீங்கள் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தீர்கள் என்பதற்கும் வட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து லட்சம் கட்டிய அடுத்த மாதம், இரண்டு வழியிலும் வட்டி ஒன்றுதான்: 21.44 லட்சத்துக்கு 15,185 ரூபாய். முதல் வழியில் நீங்கள் 26,035 கட்டுவதால் 10,850 அசலில் கழிகிறது. இரண்டாம் வழியில் 21,111 மட்டும் கட்டுவதால் 5,926 கழிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாம் வழியை எடுத்துக்கொண்டு, கையில் நின்ற அந்த 4,924-ஐயும் அதே நாளில் கடன் கணக்கில் போட்டால், 5,926-உம் 4,924-உம் சேர்ந்து அதே 10,850. மாதா மாதம் இப்படியே செய்தால் கடன் அதே 124-ஆம் மாதம் முடியும், அதே 9.57 லட்சம் மிச்சமாகும்.

அப்படியானால் கேள்வியே மாறிவிடுகிறது. மாதம் 4,924 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதைக் கட்டாயமாக வைத்துக்கொள்வதா, நம் விருப்பமாக வைத்துக்கொள்வதா என்பதுதான் உண்மையில் வங்கி நம்மிடம் கேட்பது.

என் கருத்து இதுதான். தனியார் வேலையில் இருப்பவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள், ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பங்கள் தவணையைக் குறைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள். நல்ல மாதத்தில் 26,035 போகட்டும். மருத்துவமனைச் செலவு வந்த மாதத்தில், வேலை போன மாதத்தில் 21,111 கட்டினால் போதும். யாரிடமும் போய் நிற்க வேண்டாம். காலத்தைக் குறைத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து, "சார், தவணை கட்ட முடியவில்லை, பழையபடி நீட்டிக் கொடுங்கள்" என்று கேட்டால் அது வேறு விஷயம். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், வங்கி மறுக்கலாம். பணக் கஷ்டத்தால் கேட்கிறீர்கள் என்றால் அதைக் கடன் மறுசீரமைப்பு என்று பதிந்துவிடக்கூடும். அது சிபில் அறிக்கையில் ஏறினால் அடுத்த கடனுக்குப் போகும்போது தொந்தரவு. குறைந்த தவணையிலிருந்து கூடுதலாகக் கட்டப் போவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தவணையைக் குறைத்துவிட்டு, மிச்சமான 4,924 வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால், 5.71 லட்சம் போனது போனதுதான். அதோடு நிற்காது. வட்டி விகிதம் ஏறினால் பெரும்பாலும் வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தைத்தான் நீட்டும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனபோது, எத்தனையோ பேருக்கு ஐந்து வருடம், ஏழு வருடம் என்று நீண்டது நினைவிருக்கும். நம் கணக்கில் 8.5 சதவீதம் 10.5 ஆகிறது என்று வையுங்கள். 26,035 கட்டுபவருக்கு 124 மாதம் 146 மாதமாகும். 21,111 மட்டும் கட்டுபவருக்கு 180 மாதம் 252 மாதமாகும்! ஆறு வருடம் கூடுதல். காரணம் எளிது: அந்த விகிதத்தில் மாத வட்டியே 18,758. குறைந்த தவணையில் அசலுக்குப் போவது வெறும் 2,350 ரூபாய் சொச்சம்தான். தவணை எவ்வளவுக்கு வட்டியை ஒட்டிக்கொண்டு இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு வட்டி உயர்வும் அடிக்கும்.

இப்படி வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டிருக்கிறது. வரும் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

ஆகவே மிச்சப் பணம் கையில் தங்காது என்று உங்களுக்கே தெரிந்தால், தயங்காமல் காலத்தைக் குறையுங்கள். நிரந்தர அரசு வேலையில் இருந்து, கடன் ஓய்வு பெறும் வயதைத் தாண்டிப் போகிறது என்றாலும் அதுவே சரி. பென்ஷனில் தவணை கட்டும் நிலைமை வரவே கூடாது.

அந்த 4,924-ஐ மியூச்சுவல் ஃபண்டில் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். வரி போக 8.5 சதவீதத்துக்கு மேல் வந்தால்தான் லாபம், அது உறுதியில்லை. கடனில் கட்டினால் மிச்சமாகும் 8.5 சதவீதம் உறுதி. பழைய வரி முறையில் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

இனி நடைமுறை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கவுண்டரில் பணத்தைக் கட்டிவிட்டு வந்தால் போதாது. "பார்ட் பேமெண்ட், அசலில் கழிக்கவும், தவணையைக் குறைக்கவும்" என்று கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் பல இடங்களில் தானாகவே காலம்தான் குறையும். அதைவிட மோசம், கட்டிய பணத்தை முன்கூட்டிய தவணையாக ஓரமாக வைத்துவிடுவது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இரண்டு லட்சம் அப்படி நான்கு மாதம் அசலில் கழியாமலே கிடந்தது. கண்டுபிடிக்க ஒரே வழி, அடுத்த மாத ஸ்டேட்மென்டில் வட்டி வரியைப் பார்ப்பது. ஐந்து லட்சம் அசலில் கழிந்திருந்தால் வட்டி மாதம் சுமார் 3,540 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். நாள் கணக்கில் வட்டி போடும் இடத்தில் 30 நாளா 31 நாளா என்பதைப் பொறுத்துச் சில நூறு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் பழைய தொகையே நின்றால் உடனே கேளுங்கள். தவணை மாறினால் சில இடங்களில் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கும் அனுமதியைப் புதிதாகக் கையெழுத்திட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். அதையும் அன்றே முடித்துவிடுவது நல்லது.

கூடுதல் தொகையை மாதா மாதம் வாங்க மாட்டோம், குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அப்போது தனிக் கணக்கில் சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை கட்டுங்கள். 4,924 வீதம் சேர்த்து 59,088-ஆகக் கட்டினால், மாதா மாதம் கட்டுவதைவிட அந்த ஒரு வருடத்தில் கூடுதல் வட்டி சுமார் 2,300 ரூபாய்தான். சேர்த்த பணத்துக்கு ஆர்.டி.யில் வரும் வட்டியைக் கழித்தால் அதுவும் குறையும். ஒவ்வொரு முறை கூடுதலாகக் கட்டும்போதும் தவணையை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் பரவாயில்லை. மொத்தமாக மாதம் 26,035 போகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

தங்கை கடைசியில் தவணையைக் குறைக்கும் வழியைத்தான் எழுதிக் கொடுத்தாள். மாப்பிள்ளை திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறார், ஆர்டர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அன்றே செல்போனில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுவிட்டோம்: தவணை 5-ஆம் தேதி போகும், 6-ஆம் தேதி 4,924 கடன் கணக்குக்குத் தானாகப் போகும். நிறுத்த வேண்டிய மாதம் வந்தால் அவளே நிறுத்திக்கொள்வாள். அடுத்த மாத ஸ்டேட்மென்ட் வந்ததும் வட்டி வரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.