லீவுக்குத் தேதி போதும், நோயின் பெயர் எதற்கு?

"நம்ம கடையில் சேலைப் பிரிவில் இருக்கும் அக்காவுக்கு டி.பி. என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எல்லோரும் ஜெபித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள்."

குமரி மாவட்டத்தில் உள்ள ஒரு ஜவுளிக்கடையின் ஊழியர் வாட்ஸ்அப் குரூப்பில் மேலாளர் போட்ட செய்தி இது. கூடவே மருத்துவச் சான்றிதழின் படம். அதில் பெயர், வயது, நோய் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெண் என் சித்தி மகள். அவளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை.

நடந்தது இதுதான். கழுத்தில் ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்துச் சோதித்ததில் நிணநீர்க் கட்டியில் காசநோய் என்று தெரிந்தது. மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. மாத்திரை தொடங்கியபோது உடம்பு ரொம்பத் தளர்ந்துபோனதால் இரண்டு வாரம் லீவு கேட்டாள். சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் மேலாளர், அனுப்பினாள். அன்று சாயங்காலமே அது குரூப்புக்கு வந்துவிட்டது.

நான் நேரில் போய்க் கேட்டேன். "அண்ணே, மற்ற பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தானே போட்டேன், அதில் என்ன தப்பு?" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஜெபிக்கச் சொன்னதும் மனதாரத்தான். ஆனால் அந்தப் பாதுகாப்புக் காரணம் துளியும் நிற்காது.

காசநோய் பரவுவது நுரையீரலில் இருந்து, இருமும்போதும் தும்மும்போதும் காற்றின் வழியாக. நுரையீரலில் இல்லாமல் கழுத்துக் கட்டியில் மட்டும் இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு அது வராது. நுரையீரலிலேயே இருந்தாலும், சரியான மருந்தை விடாமல் சாப்பிட்டால் பொதுவாக இரண்டு வாரத்தில் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். டம்ளர், தட்டு, துணி வழியாகப் பரவவே பரவாது. ஆனால் அவள் திரும்பி வேலைக்கு வந்தபோது தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் அவளுக்கென்று தனி டம்ளர் இருந்தது. மதியம் சேர்ந்து சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக இடம் மாறினார்கள். குரூப்பில் இருந்த ஒருவர் எங்கள் ஊர்க்காரர், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் வாசலில் சித்தியிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை. சித்தியின் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சரி, உண்மையிலேயே பரவக்கூடிய காசநோய் என்றால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் 2012 முதல் காசநோயை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தனியார் மருத்துவரும் 'நிக்‌ஷய்' தளத்தில் பதிய வேண்டும். அதன் பிறகு காசநோய்ப் பிரிவின் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளியோடு நெருங்கி இருந்தவர்களைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்வார்கள். கடையில் வேலை செய்பவர்களைச் சோதிக்க வேண்டியிருந்தால், "எல்லோரும் ஒரு முறை சளி, எக்ஸ்ரே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் போதும். யாருக்கு நோய் என்று சொல்லத் தேவையில்லை. யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. ஜவுளிக்கடை மேலாளர் எப்படி முடிவு செய்ய முடியும்?

சட்டத்தைப் பற்றி விசாரித்தபோது எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் காக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. அந்த விதி மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும், கடைக்காரரை அல்ல. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் 2017இல் தனிச் சட்டம் வந்தது, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த விவரங்களை வைத்திருக்கும் நிறுவனம் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று அது நேரடியாகவே சொல்கிறது. காசநோய்க்கோ, புற்றுநோய்க்கோ, கருச்சிதைவுக்கோ வேலை இடத்தில் அப்படி ஒரு தனிக் காப்பு இல்லை.

இருப்பது பொதுவான ஒன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும், அதன் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளும். உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவு எல்லாவற்றையும் அந்த விதிகள் கவனமாகக் காக்க வேண்டிய தனிப்பட்ட தகவல் என்கின்றன. எந்தக் காரியத்துக்காக வாங்கினார்களோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்கின்றன. லீவுக்காக வாங்கிய சான்றிதழைக் குரூப்பில் எச்சரிக்கையாகப் போடுவது இதற்கு நேர் எதிர். தனி ஒருவர் நடத்தும் கடையும் இந்தச் சட்டத்துக்குள் வரும். ஆனால் ஓட்டையும் உண்டு. தகவல் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கணினியிலோ கருவியிலோ இருந்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் தன் நட்டத்தைக் காட்ட வேண்டும். மேலாளரின் சொந்த போன் என்றால் வாதாட இடம் கிடைத்துவிடுகிறது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, முதலாளிகள் மீதான முக்கியக் கடமைகள் 2027இல்தான் அமலுக்கு வரும். அதுவரை வழக்கை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே விஷயம் வெளியே போகும் வாசலையே அடைக்க வேண்டும். அந்த வாசல் சான்றிதழில்தான் இருக்கிறது. லீவுக்கு மருத்துவர்கள் தரும் சான்றிதழின் மாதிரி அதே 2002 விதிகளின் பின்னிணைப்பில் இருக்கிறது. "இன்னார் இந்த நோயால் பாதிக்கப்பட்டுள்ளார், இத்தனை நாள் வேலைக்கு வராமல் இருப்பது அவசியம்" என்ற பொருளில் அந்த வாசகம் போகும். நடுவில் உள்ள கோட்டில்தான் நோயின் பெயர் வருகிறது. தன்னுடைய சான்றிதழில் அந்த இடத்தில் "மருத்துவச் சிகிச்சையில் உள்ளார்" என்று மட்டும் எழுதச் சொல்லி நோயாளி கேட்கலாம். பல மருத்துவர்கள் தயங்காமல் எழுதித் தருகிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

கடைக்கு என்னதான் தெரிய வேண்டும்? பிரிவு மேற்பார்வையாளருக்கு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வரமாட்டார், திரும்பி வந்தால் எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்தால் போதும். "ஒரு மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது" என்றால் அவர் வேலையை மாற்றிக் கொடுத்துவிடுவார். சம்பளம் போடுபவர் ஒருவர் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கட்டும். கூட வேலை பார்ப்பவர்களுக்கு "லீவில் இருக்கிறார்" என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்டுவதென்றாலும், ஜெப விண்ணப்பம் போடுவதென்றாலும், முதலில் அந்த ஆளிடம் கேட்க வேண்டும். நம் ஊரில் அன்பினால்தான் அதிகம் வெளியே போகிறது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏற்கெனவே குரூப்பில் வந்துவிட்டால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் உடனே நீக்கச் சொல்லுங்கள். போட்டவர் எல்லோருக்குமாக நீக்குவதற்கு இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாகத்தான் நேரம் இருக்கிறது. அதற்குள் பலருடைய போன் கேலரியில் படம் தானாக இறங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் முதலாளிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். படத்தைச் சேமித்தவர்கள் அழிக்க வேண்டும் என்று குரூப்பிலேயே அறிவிக்கச் சொல்லுங்கள், இனி சான்றிதழ் யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள், அதற்குப் பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். என் தங்கை அப்படி ஒரு கடிதம் கொடுத்திருக்கிறாள். நகலில் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறாள்.